ஒரே நாள், ஒரே 1,800 ரியால்: ரேட் குறைந்த ஆப்பில் பணம் கூட வந்தது எப்படி?

மலர், குடியாத்தம்

வணக்கம். என் வீட்டுக்காரர் ரியாத்தில் ஏசி மெக்கானிக். மாதம் 1,800 ரியால் அனுப்புவார். இத்தனை வருடமும் டவுனில் இருக்கும் எக்ஸ்சேஞ்ச் கவுன்ட்டரில்தான் கட்டினார். இந்த மாதம் ரூமில் இருப்பவர்கள் சொன்னார்கள் என்று போன் ஆப்பில் அனுப்பினார். அதே நாளில் என் கொழுந்தனாரும் 1,800 ரியாலை வழக்கமான கவுன்ட்டரில் கட்டி மாமியார் கணக்குக்கு அனுப்பினார். இரண்டு ரசீதும் என் கையில் இருக்கிறது.

கவுன்ட்டரில் ரேட் 22.62. கட்டணம் 15 ரியால், அதற்கு வரி சேர்த்து 17.25. மாமியார் கணக்கில் விழுந்தது 40,325.80 ரூபாய்.

ஆப்பில் ரேட் 22.41. கட்டணம் 5 ரியால், வரி சேர்த்து 5.75. என் கணக்கில் விழுந்தது 40,338 ரூபாய்.

ஆப்பில் 12 ரூபாய் கூட வந்திருக்கிறது. அதனால் இனிமேல் ஆப்தான் என்கிறார் இவர். ரியாலுக்கு 21 பைசா கூடக் கொடுக்கிற இடத்தில் எப்படிக் குறையும், கவுன்ட்டர்காரர் தப்பாகப் போட்டுவிட்டார், நான் போய்க் கேட்கப்போகிறேன் என்கிறார் கொழுந்தனார். வீட்டில் இரண்டு நாளாக இதே பேச்சு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரவீன், காட்பாடி

அக்கா, நான் பி.காம். இது சின்னக் கணக்குதான். கட்டண வித்தியாசம் 17.25 கழித்தல் 5.75, அதாவது 11.50. ரேட் வித்தியாசம் 0.21. 11.50-ஐ 0.21-ஆல் வகுத்தால் 54.76 வருகிறது. அதாவது 55 ரியாலுக்கு மேல் எவ்வளவு அனுப்பினாலும் கவுன்ட்டர்தான் லாபம். 1,800 ரியாலுக்கு ஆப் ஜெயிக்க வாய்ப்பே இல்லை. உங்கள் கொழுந்தனார் சொல்வது சரி, ரசீதில் ஏதோ தவறு இருக்கிறது.

மலர், குடியாத்தம்

தம்பி, பாஸ்புக்கில் இரண்டு தொகையும் அப்படியேதான் இருக்கிறது. பாங்க்கில் எதுவும் பிடிக்கவில்லை. 55 ரியாலுக்கு மேல் கவுன்ட்டர் லாபம் என்றால் எனக்கு எப்படி 12 ரூபாய் கூட வந்தது?

தினேஷ், ஆரணி

அக்கா, இந்த அளவு பணம் வெளிநாட்டிலிருந்து வந்தால் டிசிஎஸ் பிடிப்பார்களே, அதைப் பார்த்தீர்களா? என் மாமா பையன் படிப்புக்குப் பணம் அனுப்பியபோது பாங்க்கில் அதைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள்.

யூசுப் பாய், மேல்விஷாரம்

தினேஷ் தம்பி, அது இங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகும் பணத்துக்கு. உங்கள் மாமா அனுப்பியது வெளியே போன பணம். மலருக்கு வருவது உள்ளே வரும் பணம், அதில் டிசிஎஸ் கிடையாது. கணவர் மனைவிக்கு அனுப்புவதால் அவர் கையில் வருமான வரியும் இல்லை.

மலர் அம்மா, நான் தமாமில் ஒரு எக்ஸ்சேஞ்ச் கவுன்ட்டரில் 11 வருடம் உட்கார்ந்திருந்தவன். உங்கள் கேள்வி மாதிரி வாரத்துக்கு நாலு பேர் ரசீதை நீட்டிக் கேட்பார்கள். இரண்டு ரசீதும் சரியாகத்தான் இருக்கும். தப்பு எங்கே என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு அங்கே பாங்க்கிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வந்திருக்கும். அவர் கணக்கிலிருந்து எத்தனை ரியால் போனது என்று அதில் இருக்கும். 1,800 தானா?

ஓய்வு ஆசிரியர், வாலாஜா

நான் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மகன் மஸ்கட்டில் இருக்கிறான். அவன் அங்குள்ள பாங்க்கிலிருந்து நேராக என் கணக்குக்கு அனுப்புகிறான். அவன் சொல்லும் தொகையும் எனக்கு வரும் தொகையும் ஒரு மாதம்கூட ஒத்துப்போவதில்லை. போன முறை 45,000 ரூபாய் அளவுக்கு வந்தது, அதன் கீழே தனியாக 81 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். கிளையில் கேட்டால் சிஸ்டத்தில் தானாகப் பிடிக்கிறது என்கிறார்கள். இதுவும் அதே பிரச்சினையா?

மலர், குடியாத்தம்

பாய், இப்போதுதான் போனில் பேசினேன். எஸ்எம்எஸ்ஸைப் படித்துக் காட்டினார். 1,805.75 ரியால் போயிருக்கிறது!

யூசுப் பாய், மேல்விஷாரம்

அதுதான் அம்மா விஷயம். கவுன்ட்டரில் உங்கள் கொழுந்தனார் 1,800 ரியாலை நீட்டினார். அவர்கள் முதலில் 17.25-ஐ எடுத்துக்கொண்டு மீதி 1,782.75-ஐ ரூபாயாக மாற்றினார்கள். ஆப்பில் உங்கள் வீட்டுக்காரர் 1,800 என்று தட்டினார். ஆப் அந்த 1,800-ஐ முழுதாக மாற்றிவிட்டு, கட்டணத்தைத் தனியாக அவர் கணக்கிலிருந்து எடுத்தது. ஒருவர் கையிலிருந்து 1,800 போனது, இன்னொருவர் கையிலிருந்து 1,805.75 போனது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பின்னது கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும்.

இதைப் பார்க்க ஒரே வழி, கையிலிருந்து போவதை இரண்டு பக்கமும் சமமாக வைப்பது. 1,800 ரியாலுக்கு மேல் ஒரு காசு போகக்கூடாது என்று வைத்துப் போடுங்கள்:

```
கவுன்ட்டர்: (1800 - 17.25) × 22.62 = 40,325.80
ஆப்:       (1800 -  5.75) × 22.41 = 40,209.14
```

கவுன்ட்டரில் 116 ரூபாய் 66 பைசா கூட. கொழுந்தனார் ஏமாறவில்லை, கவுன்ட்டர்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த 15 சதவீத வரியும் சவூதி அரசுக்குப் போவது, 2020 ஜூலையில் 5 சதவீதத்திலிருந்து ஏற்றினார்கள். அது கட்டணத்தின் மேல் மட்டும்தான், அனுப்பும் பணத்தின் மேல் இல்லை.

பிரவீன் தம்பி, நீங்கள் போன வழி நல்ல வழிதான். ஆனால் 11.50 என்பது ரியால், 0.21 என்பது ஒரு ரியாலுக்கு இத்தனை ரூபாய் என்பது. ரியாலை ரூபாயால் வகுத்துவிட்டீர்கள். கட்டணத்தை முதலில் ரூபாயாக்குங்கள். கவுன்ட்டர் கட்டணம் 17.25-ஐ 22.62-ஆல் பெருக்கினால் 390 ரூபாய் 20 பைசா. ஆப் கட்டணம் 5.75-ஐ 22.41-ஆல் பெருக்கினால் 128 ரூபாய் 86 பைசா. கவுன்ட்டரில் உள்ளே நுழைந்ததுமே 261 ரூபாய் பின்தங்கிவிடுகிறோம். அதை ரியாலுக்கு 21 பைசா வீதம் மீட்க வேண்டும். 261.34-ஐ 0.21-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,245 ரியால். அதற்குக் கீழே ஆப், அதற்கு மேலே கவுன்ட்டர்.

பிரவீன், காட்பாடி

பாய், ஒப்புக்கொள்கிறேன். 100 ரியால் வைத்துப் போட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். 100 ரியாலில் 17.25-ஐக் கட்டணமாகக் கொடுத்துவிட்டு லாபம் வர முடியாது என்பது கணக்கே போடாமல் தெரிகிறது. இப்போது 1,000 ரியாலுக்குப் போட்டேன். கவுன்ட்டர் 22,229.80, ஆப் 22,281.14. ஆப் 51 ரூபாய் கூட. நீங்கள் சொன்ன கோட்டோடு சரியாக ஒத்துவருகிறது.

யூசுப் பாய், மேல்விஷாரம்

வாலாஜா ஐயா, உங்களுடையது வேறு வழி. மலருக்கு வருவது சவூதியிலேயே ரூபாயாக மாற்றப்பட்டு வரும் பணம். எக்ஸ்சேஞ்ச் கம்பெனி இந்திய பாங்க்கில் ஏற்கெனவே ரூபாய்க் கணக்கு வைத்திருக்கும், அதிலிருந்து எடுத்துப் போடுவார்கள். அதனால் ரசீதில் என்ன இருக்கிறதோ அதுவே பாஸ்புக்கில் விழும். உங்கள் மகன் அனுப்புவது ஸ்விஃப்ட் வழியாக வெளிநாட்டுப் பணமாகவே, பெரும்பாலும் டாலராக வந்து, உங்கள் பாங்க்கில் ரூபாயாக மாறுகிறது. அதில் மூன்று இடத்தில் குறையும். நடுவில் ஒரு பாங்க் இருந்தால் அது தன் கூலியை எடுக்கும். உங்கள் பாங்க் தன்னுடைய வாங்கும் ரேட்டில் மாற்றும், அது மகன் கூகுளில் பார்த்த ரேட்டைவிடக் குறைவாக இருக்கும். அப்புறம் மாற்றியதற்கு ஜிஎஸ்டி.

உங்கள் 81 ரூபாய் அந்த ஜிஎஸ்டிதான். ஒரு லட்சம் வரை மாற்றும் தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக வைத்து அதன் மேல் 18 சதவீதம் போடுவார்கள். 45,000-க்கு 450, அதில் 18 சதவீதம் 81. எவ்வளவு சின்னத் தொகை வந்தாலும் குறைந்தது 45 ரூபாய் பிடிப்பார்கள். கிளையில் 'எந்த ரேட்டில் மாற்றினீர்கள், எங்களிடம் எத்தனை டாலராக வந்தது' என்று இரண்டே கேள்வி கேளுங்கள். வந்த டாலர் மகன் அனுப்பியதைவிடக் குறைவாக இருந்தால் நடுவில் ஒரு பாங்க் எடுத்திருக்கிறது. சரியாக இருந்தால் முழு வித்தியாசமும் ரேட்டில்தான்.

ஓய்வு ஆசிரியர், வாலாஜா

மிக்க நன்றி. 81 ரூபாய்க்கு இவ்வளவு நாள் பதில் கிடைக்காமல் இருந்தது. திங்கட்கிழமை கிளைக்குப் போகிறேன்.

சலீம், பேர்ணாம்பட்டு (இப்போது ரியாத்)

பாய், உங்கள் கணக்கு கவுன்ட்டருக்குள் நிற்பவனுக்கு. கேம்ப்பில் இருப்பவன் அங்கே போய்ச்சேர வேண்டுமே. எங்கள் கேம்ப்பிலிருந்து டவுனுக்கு டாக்ஸியில் போய்வர நாலு பேர் சேர்ந்தால் ஆளுக்கு 10 ரியால். அது 226 ரூபாய். 116 ரூபாய் லாபத்துக்கு 226 ரூபாய் செலவு செய்து போவதா? அதோடு லீவு நாளில் சாயங்காலம் போனால் வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். நான் அதனால்தான் ஆப்புக்கு மாறினேன், மாறியதற்கு வருத்தப்படவில்லை.

மலர், குடியாத்தம்

சலீம் அண்ணா, இவருக்கு வெள்ளிக்கிழமை கம்பெனி பஸ் டவுனுக்குப் போகும், காசு கிடையாது. சாமான் வாங்க எப்படியும் போவார். அதனால் டாக்ஸிச் செலவு இல்லை. ஆனால் வேறு ஒன்று இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

1,800 ரியாலை அவர் எப்போதும் ஒரேயடியாக அனுப்புவதில்லை. இந்த மாதம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத்தான் சேர்த்து அனுப்பினார். சம்பளம் 5ஆம் தேதி வரும், அப்போது 900. ஓவர்டைம் 20ஆம் தேதி வரும், அப்போது இன்னொரு 900. அப்படியென்றால் ஆப்தானே சரி?

யூசுப் பாய், மேல்விஷாரம்

ஆமாம் அம்மா, 900 என்பது கோட்டுக்குக் கீழே. ஒவ்வொரு முறையும் கவுன்ட்டரில் 19,967.80, ஆப்பில் 20,040.14. ஆப்பில் 72 ரூபாய் கூட.

ஆனால் இரண்டு முறை அனுப்பினால் கட்டணமும் இரண்டு முறை. ஆப்பில் இரண்டு தடவை அனுப்பினால் மாதம் 40,080.28. கவுன்ட்டரில் ஒரே தடவை கட்டினால் 40,325.80. வித்தியாசம் 245 ரூபாய். முடிந்தால் 5ஆம் தேதிப் பணத்தை வைத்திருந்து 20ஆம் தேதி மொத்தமாகக் கட்டச் சொல்லுங்கள். நான் அங்கே இருந்தபோது எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன்.

மலர், குடியாத்தம்

பாய், அது முடியாது. 10ஆம் தேதிக்குள் நகைக்கடன் வட்டி கட்ட வேண்டும். அடகுக்கடையில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. எங்கள் கடைக்காரர் நாள் கணக்குப் பார்ப்பதில்லை, தேதி தாண்டினால் அடுத்த மாதத்துக்கும் சேர்த்துத்தான் போடுவார். சின்னவளுக்கு ஸ்கூல் வேன் பணமும் அதே வாரம். 245 ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் அதைவிடக் கூடக் கொடுக்க நேரும்.

யூசுப் பாய், மேல்விஷாரம்

நீங்கள் சொல்வது நியாயம் அம்மா. கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவனுக்கு அனுப்புகிறவர் முகம்தான் தெரியும், வீட்டில் எந்தத் தேதியில் என்ன கட்ட வேண்டும் என்பது தெரியாது. அப்படியானால் இரண்டு முறை ஆப்பிலேயே அனுப்பட்டும்.

சுமதி, ஆம்பூர்

பாய், ஒரு நிமிஷம். மலர், எங்கள் வீட்டிலும் இதே நிலைமைதான், என் வீட்டுக்காரர் தோஹாவில் இருக்கிறார். நீங்கள் இரண்டு பேரும் 5ஆம் தேதிப் பணத்தை நிறுத்தி வைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். நிறுத்த வேண்டியது 20ஆம் தேதிப் பணத்தை. இந்த மாதம் 20ஆம் தேதி வரும் ஓவர்டைமை அவர் பாங்க்கிலேயே விட்டு வைக்கட்டும். அடுத்த மாதம் 5ஆம் தேதி சம்பளத்தோடு சேர்த்து 1,800-ஆக அந்த வெள்ளிக்கிழமை கவுன்ட்டரில் கட்டட்டும். பெரும்பாலும் 10ஆம் தேதிக்குள் உங்களுக்கு முழுப்பணமும் வந்துவிடும். முதல் மாதம் மட்டும் 20ஆம் தேதி கையில் பணம் வராது, அந்த ஒரு இடைவெளியைத் தாண்டிவிட்டால் போதும். நாங்கள் ஒரு தீபாவளிக்கு முன்னால் ஆரம்பிக்கப் பார்த்து முடியவில்லை, தை மாதம்தான் மாற்ற முடிந்தது. செலவு குறைந்த மாதமாகப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த 20ஆம் தேதிப் பணத்தை நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

மலர், குடியாத்தம்

அக்கா, அதில்தான் நகைக்கடன் அசலை அடைக்கிறேன். 20ஆம் தேதி பணம் வந்ததும் கடையில் கட்டிவிடுவேன். அசல் கட்டினால் அந்த நாளிலிருந்தே வட்டி குறைத்துக்கொள்வார், அதற்கு மட்டும் நாள் கணக்கு பார்ப்பார்.

சுமதி, ஆம்பூர்

அப்படியானால் யோசிக்க வேண்டியிருக்கிறது. 20,000 ரூபாய் 15 நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், இரண்டு ரூபாய் வட்டியில் 200 ரூபாய். 245 மிச்சம் பிடித்து 200 கொடுக்கிறீர்கள், மீதி 45. கடன் இருக்கும் வரை இது பெரிய லாபமில்லை. கடன் அடைந்த பிறகு முழு 245-ம் உங்களுக்கு. அந்த நகையைக் கூட்டுறவு பாங்க்கில் மாற்றி வைக்க முடியுமா பாருங்கள். வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய்க்குள் வந்தாலே தாமதத்தின் செலவு 100 ஆகக் குறைந்துவிடும், அடைக்கும் கடனும் சீக்கிரம் இறங்கும். எனக்கு ரேட் வித்தியாசத்தைவிட அந்த இரண்டு ரூபாய் வட்டிதான் உறுத்துகிறது.

சலீம், பேர்ணாம்பட்டு (இப்போது ரியாத்)

சுமதி அக்கா சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் பணம் கணக்கில் இருந்தால் செலவாகிவிடும், அதையும் எழுத வேண்டும். ரூமில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, ஒருவருக்கு இக்காமா புதுப்பிக்கப் பணம் வேண்டும் என்று வந்து நிற்பார்கள். கொடுக்காமல் இருக்க முடியாது. நான் வந்த அன்றே அனுப்பிவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

யூசுப் பாய், மேல்விஷாரம்

சுமதி சொன்ன மாற்று எனக்குத் தோன்றவே இல்லை. 11 வருடத்தில் நான் யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை.

மலர் அம்மா, இன்னொன்றைப் பார்க்காமல் விட்டுவிட்டோம். உங்கள் வீட்டுக்காரர் ஆப்பில் அனுப்பியது இதுதான் முதல் தடவை என்றீர்கள். முதல் தடவைக்கு ஆப்காரர்கள் பல சமயம் ரேட்டைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டுவார்கள். ரூமில் பழைய வாடிக்கையாளர் ஒருவரும் அவரும் ஒரே நேரத்தில் ஆப்பைத் திறந்து, பணம் கட்டாமல் ரேட்டை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

மலர், குடியாத்தம்

பார்த்துவிட்டார் பாய். அன்று அவருக்கு 22.41 காட்டிய நேரத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எடுத்த ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. அவருக்கு 22.36 தான். அவர் ஒரு வருடமாக அந்த ஆப்பில் அனுப்புகிறார்.

பிரவீன், காட்பாடி

அக்கா, நான் போடுகிறேன், இந்த முறை ரூபாயிலேயே. ஆப் கட்டணம் 128.57. கவுன்ட்டர் 390.20. வித்தியாசம் 261.63. ரேட் வித்தியாசம் இப்போது 26 பைசா. கோடு 1,245-லிருந்து 1,006 ரியாலுக்கு இறங்கிவிட்டது. 900 ரியாலுக்கு இன்னும் ஆப்தான், ஆனால் 72 ரூபாய் இல்லை, 27 ரூபாய்தான் கூட. ஆப்பில் இரண்டு தடவைக்கும் கவுன்ட்டரில் ஒரு தடவைக்கும் உள்ள வித்தியாசம் 245-லிருந்து 334 ஆகிவிட்டது. 200 வட்டி போனாலும் 134 மிச்சம். பாய், சரியா?

யூசுப் பாய், மேல்விஷாரம்

சரி தம்பி. ஆனால் இந்த 1,006-ம் அந்த ஒரு நாளுக்குத்தான். கவுன்ட்டர் போர்டும் தினம் மாறும், ஆப்பும் மாறும். இரண்டும் ஒரே அளவு நகர்வதில்லை. போகும் அன்று இரண்டு ரேட்டையும் பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

மலர், குடியாத்தம்

இவரிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கொழுந்தனார் சந்தோஷமாக இருக்கிறார். இந்த 20ஆம் தேதிப் பணத்தை நிறுத்தலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சலீம் அண்ணா சொன்ன அதே காரணத்துக்காக அவர் தயங்குகிறார். நாளைக்குக் கூட்டுறவு பாங்க்கில் நகைக்கடன் வட்டி எவ்வளவு என்று கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன் சுமதி அக்கா.

சுமதி, ஆம்பூர்

கேளுங்கள். நகையை எடைபோட்டு எழுதிய பழைய ரசீதையும் கொண்டு போங்கள். அடகுக்கடையிலிருந்து மீட்க ஒரு நாளாவது முழுப்பணம் கையில் வேண்டும், அதற்கு யாரிடம் கேட்பது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள்.